எண்ணைக் காட்டாமலே "இருக்கிறது" என்று நிரூபிப்பது: √2-இன் √2-ஆம் அடுக்கு

கேள்வி: விகிதமுறா எண்ணை விகிதமுறா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் விகிதமுறு எண் வர முடியும் என்று வகுப்பில் நிரூபித்தார்கள். √2-ஐ √2 அடுக்குக்கு உயர்த்தினார்கள், இரண்டு வாய்ப்புகளைச் சொன்னார்கள், முடித்துவிட்டார்கள். எந்த எண் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. இது எப்படி நிரூபணம் ஆகும்? எண்ணையே காட்டும் நிரூபணம் இருக்கிறதா? முரண்பாட்டைக் காட்டி நிரூபிப்பதெல்லாம் இப்படித்தானா?

பதில்:

அந்த நிரூபணத்தை முதலில் முழுமையாக எழுதிவிடுகிறேன். தங்கள் ஐயம் எந்த வரியிலிருந்து எழுகிறது என்பதைச் சுட்டிக்காட்ட அது கண்முன் இருக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியது இது: a, b இரண்டும் விகிதமுறா எண்களாக இருந்தும் a^b விகிதமுறு எண்ணாக அமையும்படி இரு மெய்யெண்கள் உள்ளன.

s = (√2)^(√2) என்று வைத்துக்கொள்வோம். s விகிதமுறு எண்ணாக இருந்தால் வேலை உடனே முடிந்தது; a = √2, b = √2 என்று எடுத்துக்கொள்ளலாம். s விகிதமுறா எண்ணாக இருந்தால் a = s, b = √2 என்று எடுத்துக்கொள்கிறோம். அப்போது a^b = s^(√2) = (√2)^(√2·√2) = (√2)^2 = 2; இது விகிதமுறு எண். s ஒன்று விகிதமுறு எண், இல்லையேல் விகிதமுறா எண், வேறு வழியில்லை. ஆகவே எந்த நிலையிலும் நாம் கேட்ட சோடி ஒன்று கிடைத்தே தீரும்.

இது 1953-இல் டோவ் யார்டன் என்பவர் 'ஸ்கிரிப்டா மதமேட்டிகா' என்ற இதழில் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டது. வழக்கமான கணிதத்தின் அளவுகோலில் இதில் ஓட்டை எதுவும் இல்லை. ஆயினும் தங்களுக்குத் தோன்றிய குறை உண்மையான குறைதான். நிரூபணம் முடிந்தபின் நம் கையில் இருப்பவை இரண்டு வேட்பாளர்கள்: (√2, √2) என்ற சோடியும் (s, √2) என்ற சோடியும். இரண்டில் ஒன்று நிச்சயம் தேறும். எது தேறும் என்பதை நிரூபணத்தின் எந்த வரியிலிருந்தும் கறக்க முடியாது. தேர்வு முடிவுப் பட்டியலில் "இவ்விருவருள் ஒருவர் தேர்ச்சி பெற்றார்" என்று மட்டும் அச்சிட்டதைப் போன்றது இது. செய்தி பொய்யல்ல, ஆனால் அதை வைத்துக்கொண்டு யாருக்கும் சான்றிதழ் எழுத முடியாது.

அப்படியானால் s-ஐக் கணக்கிட்டே பார்த்துவிடலாமே என்று தோன்றலாம். கணக்கிட்டால் s = 1.6325269194381528... என்று வருகிறது. எத்தனை இலக்கங்கள் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் எந்த முடிவுறு எண்ணிக்கையிலான இலக்கங்களும் நம் கேள்விக்கு விடை தரா. இதுவரை பார்த்த இலக்கங்கள் சுழலாமல் இருந்தால், மிகப் பெரிய பகுதியைக் கொண்ட ஒரு பின்னத்தின் சுழற்சி இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்று ஒருவர் வாதிடலாம். சுழல்வதுபோல் தெரிந்தாலும் அடுத்த இலக்கத்தில் அது உடையலாம். இப்படி உடைந்த ஒன்றுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டும் உண்டு. e^(π√163) என்ற எண், அதை நேரடியாக ஆராயாத இராமானுஜன் பெயரால் இன்று அழைக்கப்படுகிறது. அதன் மதிப்பு 262537412640768743.99999999999925... ஆகும். தசமப் புள்ளிக்குப் பின் பன்னிரண்டு ஒன்பதுகள் வரிசையாக நிற்கின்றன. பதினோரு இலக்கங்களோடு நிறுத்தியவர் அதை முழு எண் என்றே எழுதியிருப்பார். அது விகிதமுறு எண்கூட அல்ல.

எனவே சிக்கல் "s ஒன்று விகிதமுறு எண், இல்லையேல் விகிதமுறா எண்" என்ற அந்த ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. எந்தக் கூற்றை எடுத்தாலும் அதுவோ அதன் மறுப்போ உண்மை, இடைப்பட்ட மூன்றாவது நிலை இல்லை என்று கூறும் விதியைத் தருக்கவியலில் நடு விலக்கு விதி என்பர். 1908-இல் டச்சுக் கணிதர் பிரவுவர் இந்த விதியைத்தான் கேள்விக்கு உட்படுத்தினார். முடிவுறு தொகுதிகளில், அதாவது ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து முடித்துவிடக்கூடிய இடங்களில், இவ்விதி சரியாகவே வேலை செய்கிறது என்றும், அங்கே பழகிய பழக்கத்தில் அதை முடிவிலித் தொகுதிகளுக்கும் கேள்வியின்றி நீட்டிவிட்டோம் என்றும் அவர் வாதிட்டார். ஜெர்மானியக் கணிதர் ஹில்பெர்ட் இதற்கு உடன்படவில்லை. கணிதரிடமிருந்து இந்த விதியைப் பறிப்பது வானியலாளரிடமிருந்து தொலைநோக்கியையும் குத்துச்சண்டை வீரரிடமிருந்து கைமுட்டிகளையும் பறிப்பதற்கு ஒப்பாகும் என்ற பொருளில் அவர் பேசியதை இன்றும் எடுத்துச் சொல்வார்கள்.

பிரவுவரின் நிலைப்பாட்டைத் துல்லியமாகச் சொல்லும் வழியை அவருடைய மாணவர் ஹேய்ட்டிங்கும் ரஷ்யக் கணிதர் கொல்மொகோரோவும் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தனர். "இன்ன பண்புடைய x இருக்கிறது" என்பதற்கு நிரூபணம் என்றால், ஒரு குறிப்பிட்ட x-ஐயும், அதற்கு அப்பண்பு உண்டு என்பதற்கான நிரூபணத்தையும் சேர்த்தே தர வேண்டும். "P அல்லது Q" என்பதற்கு நிரூபணம் என்றால், இரண்டில் எது என்று சொல்லி அதற்கான நிரூபணத்தைத் தர வேண்டும். "P அல்ல" என்பதற்கு நிரூபணம் என்றால், P-ஐ ஏற்றால் முரண்பாடு விளையும் என்று காட்ட வேண்டும். இந்த ஒப்பந்தத்துக்குள் நிற்கும் நிரூபணமே ஆக்கமுறை நிரூபணம். அதற்கு வெளியே போய் ஒன்றின் இருப்பை நிறுவினால் அது ஆக்கமுறையல்லாத நிரூபணம்.

இப்போது யார்டனின் நிரூபணத்தை இந்த ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "s விகிதமுறு அல்லது விகிதமுறா" என்ற வரிக்கே எது என்று சொல்ல வேண்டிய கடன் இருக்கிறது. நிரூபணம் அந்தக் கடனை அடைக்கவில்லை. கணினி நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம். இந்த நிரூபணத்தை ஒரு நிரலாக மாற்றினால், அதில் ஒரு `if` வாக்கியம் இருக்கும்; அதன் இரண்டு கிளைகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும்; ஆனால் `if` என்பதற்குப் பக்கத்தில் வர வேண்டிய நிபந்தனையைச் சோதிக்கும் வழி எழுதப்பட்டிராது.

அதற்காக ஆக்கமுறைக் கணிதர் இந்த நிரூபணத்தைக் குப்பையில் போட்டுவிடுவார் என்று எண்ண வேண்டாம். அவர் இதிலிருந்து சற்றுக் குறைவான ஒரு செய்தியைப் பெற்றுக்கொள்வார். அத்தகைய சோடி எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது s விகிதமுறு எண்ணாக இருக்க முடியாது; இருந்தால் (√2, √2) அத்தகைய சோடியாகிவிடும். விகிதமுறு எண்ணாக இருக்க முடியாது என்பதே விகிதமுறா எண் என்பதன் பொருள். ஆனால் s விகிதமுறா எண்ணானால் (s, √2) அத்தகைய சோடியாகிவிடும். இது முரண்பாடு. ஆகவே "அத்தகைய சோடி எதுவும் இல்லாமல் இருப்பது இயலாது" என்பது எந்தக் கடனும் இல்லாமல் நிறுவப்பட்டுவிட்டது. இல்லாமல் இருப்பது இயலாது என்பதிலிருந்து இருக்கிறது என்பதற்குத் தாவும் அந்த ஒரு படியைத்தான் அவர் ஏற்க மாட்டார்.

தங்கள் மூன்றாவது கேள்விக்கு இங்கேயே விடை சொல்வது பொருத்தம், ஏனென்றால் இதில் கல்லூரி ஆசிரியர்களே தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். முரண்பாட்டைக் காட்டும் நிரூபணங்கள் எல்லாம் ஆக்கமுறைக்குப் புறம்பானவை அல்ல. √2 விகிதமுறா எண் என்பதற்கான பழைய நிரூபணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். √2 = p/q என்று கொண்டு, p-யும் q-வும் பொதுக் காரணி இல்லாதவை என்று வைத்து, இரண்டுமே இரட்டைப்படை என்று வருவதைக் காட்டி முரண்பாட்டை அடைகிறோம். இங்கே நிரூபிக்கப்படுவது ஒரு மறுப்பு: "√2 விகிதமுறு எண் அல்ல". ஒரு மறுப்பை நிரூபிக்க முரண்பாட்டைக் காட்டுவதே முறையான வழி. மேலே சொன்ன ஒப்பந்தத்தின் மூன்றாம் பகுதி அதைத்தான் சொல்கிறது. ஆக்கமுறையிலிருந்து விலகுவது, "x இருக்கிறது" என்ற நேர்க்கூற்றை நிரூபிப்பதற்காக "x இல்லை என்று கொள்வோம்" என்று தொடங்கி, முரண்பாட்டை அடைந்து, "ஆகவே x இருக்கிறது" என்று முடிக்கும் நிரூபணமே. இரண்டும் தாளில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். எதை நிரூபித்தார்கள், எதைக் கொள்வோம் என்று தொடங்கினார்கள் என்ற இரண்டையும் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

அதேபோல் நிலைகளாகப் பிரித்து வாதிடுவதும் தன்னளவில் குற்றமல்ல. "n இரட்டைப்படை அல்லது ஒற்றைப்படை" என்று முழு எண்களைப் பிரிப்பதில் யாருக்கும் மறுப்பு இராது. இரண்டால் வகுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். சோதித்து அறிய வழியில்லாத ஒரு பிரிவினையும், ஒவ்வொரு கிளையிலும் வெவ்வேறு எண் விடையாக வருவதும் சேரும் இடத்தில்தான் எச்சரிக்கை தேவை.

இனி எண்ணையே காட்டும் நிரூபணத்துக்கு வருவோம். அது வியக்கத்தக்க அளவுக்கு எளியது. a = √2, b = log₂ 9 என்று கொள்க; அதாவது 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 9 வருமோ அந்த அடுக்கு, ஏறத்தாழ 3.1699. √2 என்பது 2-இன் அரை அடுக்கு. log₂ 9 என்பது log₂ 3-இன் இருமடங்கு. ஆகவே அரையும் இரண்டும் அடிபட்டுப்போய் a^b = 2^(log₂ 3) = 3 என்று கிடைக்கிறது. √2 விகிதமுறா எண் என்பது தெரிந்ததே. log₂ 9 விகிதமுறு எண்ணாக இருந்தால், m, n என்ற நேர் முழு எண்களுக்கு log₂ 9 = m/n என்றாகும்; அதாவது 2^m = 9^n. இடப்பக்கம் இரட்டைப்படை, வலப்பக்கம் ஒற்றைப்படை, இது நடக்காது. அவ்வளவுதான். √2-இன் விகிதமுறாத் தன்மையை நிறுவுவதைக் காட்டிலும் இது சுருக்கமானது. இதைச் சொல்லாமல் வகுப்பில் யார்டனின் நிரூபணத்தை மட்டும் சொல்வதற்குக் காரணம் அதிலுள்ள சாமர்த்தியம்தான் என்று நினைக்கிறேன்.

ஆக்கமுறை நோக்கில் பழகியவர்கள் இங்கே இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்பார்கள். "log₂ 9 எந்தப் பின்னத்துக்கும் சமமல்ல என்கிறீர்கள், சரி. ஒரு குறிப்பிட்ட பின்னத்தைத் தந்தால், அதிலிருந்து log₂ 9 எவ்வளவு தொலைவு விலகி நிற்கிறது என்று சொல்வீர்களா?" சொல்லலாம். 2^m, 9^n இரண்டும் சமமற்ற முழு எண்கள் என்பதால் அவற்றின் வித்தியாசம் குறைந்தது 1. அவற்றுள் சிறியது 9^n-ஐ விஞ்சாது. ஆகவே பெரியதைச் சிறியதால் வகுத்தால் வரும் ஈவு, 1-ஐவிடக் குறைந்தது 1/9^n அளவாவது கூடுதலாக இருக்கும். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட x-க்கு log₂(1 + x) என்பது x-ஐவிடக் குறையாது. எனவே n·log₂ 9 என்பதும் m என்பதும் குறைந்தது 1/9^n அளவு விலகி நிற்கின்றன. n-ஆல் வகுத்தால்,

|log₂ 9 − m/n| ≥ 1/(n·9^n)

என்ற சமனிலி கிடைக்கிறது. m சுழியமாகவோ குறை எண்ணாகவோ இருந்தால் தொலைவு 3-க்கு மேல் என்பது வெளிப்படை. சோதித்துப் பார்க்க m/n = 3 என்று கொண்டால், உண்மையான தொலைவு 0.1699, நம் சமனிலி உறுதியளிப்பது 1/9, அதாவது 0.1111. பொருந்துகிறது.

மிக நெருங்கி வரும் ஒரு பின்னத்தையும் பார்க்கலாம்: 19/6 = 3.16666... இங்கே 9^6 = 531441, 2^19 = 524288. ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம். இசை அறிந்தவர்களுக்கு இவ்விரு எண்களும் புதியவை அல்ல. சட்சமத்திலிருந்து பஞ்சமத்துக்கு 3/2 என்ற விகிதத்தில் பன்னிரண்டு முறை ஏறினால், ஏழு தாயிகள் ஏறிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராமல் சற்று மேலே போய் நிற்பதன் காரணம் இதே வித்தியாசம்தான், ஏனெனில் (3/2)^12 என்பதையும் 2^7 என்பதையும் ஒப்பிடுவது 3^12 என்பதையும் 2^19 என்பதையும் ஒப்பிடுவதே. எத்தனை முறை ஏறினாலும் சரியாகச் சேராது என்பதற்கான காரணம், மேலே கண்ட இரட்டைப்படை ஒற்றைப்படை வாதம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆக்கமுறை எடுத்துக்காட்டு வேறொன்று. அடியும் அடுக்கும் ஒரே எண்ணாக இருக்கும்படி கேட்டுப் பார்ப்போம்: x^x = 2 என்பதை நிறைவுசெய்யும் நேர் எண் x எது? x = 1 எனில் x^x = 1; x = 2 எனில் 4. இடையில் x^x இடைவிடாமல் ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே 1-க்கும் 2-க்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் 2 என்ற மதிப்பைத் தொட்டாக வேண்டும். அந்த x விகிதமுறு எண்ணாக இருக்க முடியுமா? x = p/q என்று சுருங்கிய வடிவில் எழுதி, இருபுறமும் q அடுக்குக்கு உயர்த்திச் சீர்செய்தால் p^p = 2^q · q^p என்று வரும். q ஒன்றைவிடப் பெரிதானால் அதன் பகாக் காரணி ஏதேனும் ஒன்று வலப்பக்கத்தை வகுக்கும், ஆகவே p-யையும் வகுக்கும். p, q பொதுக் காரணியற்றவை என்பதால் அது இயலாது. q = 1 என்றால் p^p = 2 ஆக வேண்டும்; ஆனால் 1^1 = 1, 2^2 = 4. ஆகவே x விகிதமுறா எண், x^x = 2.

"ஏதோ ஓரிடத்தில் தொட்டாக வேண்டும்" என்ற சொற்களில்தான் கண் வைக்க வேண்டும். அது இடைமதிப்புத் தேற்றம். பொதுவான வடிவில் அந்தத் தேற்றமும் ஆக்கமுறைக்கு உட்படாதது. இடைவெளியை இரண்டாகப் பிரித்து நடுப்புள்ளியில் சார்பின் மதிப்பு இலக்குக்கு மேலா கீழா என்று பார்க்கும் வழக்கமான முறையில், அந்த மதிப்பு இலக்கோடு மிக மிக ஒட்டி நின்றால் மேலா, கீழா, சமமா என்று எத்தனை இலக்கங்கள் கணக்கிட்டும் சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் இங்கே அந்த இடர் எழவே எழாது. நடுப்புள்ளிகள் எல்லாம் p/q வடிவப் பின்னங்கள். அவற்றில் x^x என்பது 2-க்கு மேலா கீழா என்று அறிய, p^p என்ற முழு எண்ணை 2^q · q^p என்ற முழு எண்ணோடு ஒப்பிட்டால் போதும். இரண்டும் சமமாக வாய்ப்பே இல்லை என்பதைச் சற்றுமுன் நிறுவிவிட்டோம். விகிதமுறாத் தன்மையை நிரூபித்த அதே சமன்பாடுதான் தேடலையும் நடத்திக் கொடுக்கிறது.

செய்தே பார்க்கலாம். முதல் நடுப்புள்ளி 3/2: 3^3 = 27; 2^2 · 2^3 = 32. 27 சிறியது; ஆகவே x என்பது 1.5-க்கு மேல். அடுத்தது 7/4: 7^7 = 823543; 2^4 · 4^7 = 262144. முன்னது பெரியது, x என்பது 1.75-க்குக் கீழ். அதற்கடுத்தது 13/8: 13^13 என்பது முந்நூறு இலட்சம் கோடிக்குச் சற்று மேல்; 2^8 · 8^13 = 2^47 என்பது ஏறத்தாழ நூற்று நாற்பது இலட்சம் கோடி. ஆகவே x என்பது 1.625-க்குக் கீழ். இப்படியே போனால் x = 1.5596... என்று வேண்டிய துல்லியம் வரை இறங்கலாம். இதில் எங்கும் தசமக் கணக்கீட்டின் பிழை நுழைய இடமில்லை. "எண்ணைக் காட்டுதல்" என்பதற்கு ஆக்கமுறைக் கணிதர் கொள்ளும் பொருள் இதுதான்: மூலக்குறியிலோ மடக்கையிலோ அழகான பெயர் இருக்க வேண்டும் என்பதில்லை, எவ்வளவு நெருக்கமாகக் கேட்டாலும் அவ்வளவு நெருக்கமாகத் தரும் ஒரு செய்முறை இருக்க வேண்டும்.

இனி s-இன் கதைக்குத் திரும்புவோம், ஏனென்றால் யார்டனின் நிரூபணம் தாண்டிச் சென்ற கேள்வி மிகக் கடினமானது. 1900-இல் பாரிஸில் ஹில்பெர்ட் முன்வைத்த சிக்கல்களில் ஏழாவது, 2^(√2), e^π போன்ற எண்கள் விஞ்சிய எண்களா, குறைந்தது விகிதமுறா எண்களாவதா என்பது. விஞ்சிய எண் என்றால் முழு எண் கெழுக்களைக் கொண்ட எந்தப் பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கும் தீர்வாகாத எண். 1920-ஐ ஒட்டிய ஒரு சொற்பொழிவில், பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய ரீமன் கருதுகோளின் நிரூபணத்தைத் தம் வாழ்நாளிலேயே காணலாம், ஆனால் 2^(√2) பற்றிய நிரூபணத்தை இந்த அரங்கில் இருப்பவர் எவரும் காணமாட்டார் என்று ஹில்பெர்ட் சொன்னதாக, அன்று அவையில் இருந்த கணிதர் சீகல் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நடந்தது நேர்மாறு. 1929-இல் கெல்ஃபான்ட் e^π பற்றிய பகுதியை முடித்தார். அவருடைய முறையை நீட்டி 1930-இல் குஸ்மின் 2^(√2) விஞ்சிய எண் என்று நிரூபித்தார். 1934-இல் கெல்ஃபான்டும் ஷ்னைடரும் தனித்தனியே பொதுத் தேற்றத்தை நிறுவினர். ரீமன் கருதுகோள் இன்றும் அப்படியே இருக்கிறது.

s^2 = 2^(√2) என்பதைக் கவனியுங்கள். s விகிதமுறு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமும் விகிதமுறு எண்ணாகியிருக்கும். குஸ்மினின் முடிவு அதைத் தடுக்கிறது. எனவே s விகிதமுறா எண். யார்டன் வைத்த இரு கிளைகளில் இரண்டாவதே உண்மையானது. தேறிய சோடி (s, √2). முதல் கிளை வெறும் கற்பனை. இந்த விடை யார்டன் எழுதுவதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்பே தெரிந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய குறிப்பின் சுவை, அந்தப் பெரிய தேற்றம் எதையும் தொடாமலே முடிவை அடைந்ததில்தான்.

இதிலிருந்து ஒரு விளக்கம் கிடைக்கிறது. "ஆக்கமுறையல்லாதது" என்ற அடைமொழி நிரூபணத்துக்கு உரியது, தேற்றத்துக்கு உரியதன்று. நம் தேற்றம் ஒன்றே. அதற்கு யார்டனின் ஐந்து வரி நிரூபணம் ஆக்கமுறையல்லாதது, மடக்கை நிரூபணம் ஆக்கமுறையானது. யார்டனின் நிரூபணத்தோடு குஸ்மினின் தேற்றத்தைச் சேர்த்தால் எது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது; ஆனால் ஐந்து வரி பல பக்கங்களாக நீண்டுவிடும்.

எல்லா இடத்திலும் இப்படி மாற்று நிரூபணம் கிடைத்துவிடுவதில்லை. e + π, e·π என்ற இரு எண்களில் ஒன்றாவது விகிதமுறா எண் என்பதற்கான நிரூபணம் இரண்டே வரி. இரண்டும் விகிதமுறு எண்களாக இருந்தால் x² − (e + π)x + e·π = 0 என்ற சமன்பாட்டின் கெழுக்கள் எல்லாம் விகிதமுறு எண்களாகும்; அதன் தீர்வுகள் e-யும் π-யும்; ஆனால் e விஞ்சிய எண் என்று 1873-இலேயே ஹெர்மித் நிரூபித்துவிட்டார். ஆகவே இரண்டும் ஒருசேர விகிதமுறு எண்களாக இருக்க முடியாது. எது விகிதமுறா எண் என்று இன்றுவரை எவரும் நிரூபிக்கவில்லை. இரண்டுமே அப்படித்தான் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. s-க்கு வாய்த்ததுபோல் ஒரு குஸ்மின் இதற்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆக்கமுறைக் கணிதர் இங்கே எங்கே நிற்பார் என்பதை நுணுகிப் பாருங்கள். "இரண்டும் விகிதமுறு எண்கள் என்பது இயலாது" என்பதை அவர் முழு மனதோடு ஏற்பார். அது ஒரு மறுப்பு, முரண்பாட்டால் நிறுவப்பட்டது. "ஆகவே ஒன்று e + π விகிதமுறா எண், அல்லது e·π விகிதமுறா எண்" என்று அடுத்த வரியை எழுதும்போது தடுப்பார். "அல்லது" என்று எழுதியவர் எது என்று சொல்லக் கடமைப்பட்டவர். பள்ளியில் கணங்களை வைத்து நாம் படித்த டி மார்கன் விதியின் ஒரு பாதி, "இதுவும் அதுவும் சேர்ந்து உண்மையல்ல என்றால் ஒன்று இதுவல்ல அல்லது அதுவல்ல" என்ற பாதி, இந்தத் தருக்கத்தில் செல்லாது என்பதன் பொருள் இதுவே.

2001-இல் சுதிலின் நிறுவிய முடிவும் இதே வகையைச் சேர்ந்தது: ரீமன் சீட்டா சார்பின் மதிப்புகளான ζ(5), ζ(7), ζ(9), ζ(11) என்ற நான்கில் குறைந்தது ஒன்று விகிதமுறா எண். இதை நிரூபிக்க உயர்ந்த நுட்பங்கள் தேவைப்பட்டன. ஆயினும் ζ(5) ஒரு பின்னமா இல்லையா என்று கேட்டால், அந்த நிரூபணத்தைக் கையில் வைத்துக்கொண்டும் பதில் சொல்ல முடியாது.